அஞ்சு மாசம் வரலை, அப்புறம் நிக்கவே இல்லை

நீளமான இழை. பொறுமையாகப் படிங்க. வீட்டில் பெண்கள் இருக்கும் ஆண்களும் படிக்கலாம். இதில் வரும் நோயாளிகளின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

1)
மார்கழி மாதம், காலை ஓ.பி. 36 வயதுப் பெண் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். உதடு வெளுத்திருந்தது. கூட மாமியார்.

"மேடம், 16 நாளா நிக்கல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்துறேன். கட்டி கட்டியா போகுது. நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க, போதும்."

மாமியார் தன் பங்குக்குச் சொன்னார்: "அஞ்சு மாசமா வரவே இல்லைங்க டாக்டர். உள்ளயே சேர்ந்து போச்சு. இப்ப எல்லாம் சேர்த்து வெளிய வருது. கெட்ட ரத்தம் போறது நல்லதுதானேன்னு விட்டுட்டோம்."

2)
அந்த மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவரே அவர்தான். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்த இழை.

அஞ்சு மாதமாக உள்ளே ரத்தம் சேரவில்லை. மாதாமாதம் தேங்கி நிற்க கர்ப்பப்பையில் இடமும் கிடையாது. சேர்ந்தது வேறு. கர்ப்பப்பையின் உள்ளே சுவரை ஒட்டி இருக்கும் படலம், அதாவது எண்டோமெட்ரியம், அஞ்சு மாதமாக வளர்ந்துகொண்டே இருந்தது.

ரத்தப்போக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. நோய் ஆரம்பிச்சது வராமல் இருந்த அந்த மாதங்களில். என் கருத்து இதுதான்: நாம எல்லாரும், டாக்டர்கள் உட்பட, ரத்தம் போகும் நாட்களை எண்ணுகிறோம். வராமல் போன மாதங்களை யாரும் எண்ணுவதில்லை.

3)
முதலில் ஒழுங்காக வரும் மாதத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு ஹார்மோன் போதும்.

மாதத்தின் முதல் பாதியில் சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். அதன் வேலை, படலத்தை வளர்ப்பது. பீரியட்ஸ் முடிந்ததும் 4 மில்லிமீட்டருக்குள் இருந்த படலம் மெதுவாகத் தடிக்கும். மாத நடுவில் கருமுட்டை வெளியாகும். முட்டை வெளியான அந்த இடத்திலிருந்துதான் இரண்டாவது ஹார்மோனான ப்ரொஜெஸ்டிரோன் பெருமளவு சுரக்கும். "வளர்ந்தது போதும், இனி பக்குவப்படு" என்பதுதான் அது படலத்துக்குச் சொல்லும் செய்தி. கரு தங்கவில்லை என்றால் சுமார் 14 நாளில் ப்ரொஜெஸ்டிரோன் சட்டென்று குறையும். படலத்தின் மேல்பகுதி முழுவதும் ஒரே சமயத்தில் கழன்று வரும். ரத்தக்குழாய்களும் சுருங்கி மூடிக்கொள்ளும். அதனால்தான் நாலைந்து நாளில் தானாக நிற்கிறது.

4)
இப்போது கருமுட்டை வெளியாகாத மாதத்தை யோசிங்க. முட்டை வரவில்லை என்றால் ப்ரொஜெஸ்டிரோன் இல்லை. "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டே இருக்கும்.

விவசாயம் தெரிந்தவங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். தழைச்சத்து மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் நெல் பச்சைப்பசேல் என்று உயரமா வளரும். ஆனா தண்டில் பலம் இருக்காது. ஒரு காத்து அடிச்சா அங்கங்கே சாய்ஞ்சிடும். மொத்த வயலும் ஒரே நாளில் சாயாது. இன்னைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை.

அஞ்சு மாதம் வளர்ந்த படலமும் அப்படித்தான். தடிமன் உண்டு, உள்ளே பிடிமானம் இல்லை. ரத்தக்குழாய்கள் மெல்லியவை. ஒரு இடத்தில் உடையும், அது ஆறுவதற்குள் பக்கத்தில் உடையும். குழாய் சுருங்கி மூடுவதற்கான உத்தரவும் வரவில்லை. அதனால்தான் 16 நாள், 20 நாள், சிலருக்கு ஒன்றரை மாதம்.

5)
இப்படி முட்டை வெளியாகாமல் போவதற்கு நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் காரணம், எல்லாரும் பிசிஓடி என்று சொல்லும் பிசிஓஎஸ். தைராய்டு குறைபாடும் ஒரு காரணம். 40 வயதைத் தாண்டி மாதவிடாய் நிற்கப்போகும் காலத்திலும் இதேதான் நடக்கும்.

உடல் எடை கூடுவதும் இதில் சேரும். கொழுப்புத் திசு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. உடம்பில் இருக்கும் ஆண் ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சினைப்பை தருவது போக, இது தனியாக ஒரு சப்ளை. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவங்களுக்கும் படலம் தடிக்கலாம். அதனால் "நான் ஒல்லிதானே" என்று விட்டுவிடாதீங்க.

6)
மறுபடி அந்தப் பெண்ணிடம் வருவோம். நான் கேட்ட முதல் கேள்வி, "போன ஒரு வருஷத்துல எத்தனை தடவை வந்துச்சும்மா?"

நாள்காட்டியில் குறித்து வைக்கவில்லை. பண்டிகையை வைத்துக் கணக்குச் சொன்னார். "போன பொங்கல் சமயம் ஒரு தடவை. அப்புறம் ஆடில, அம்மன் கோயில்ல கூழ் ஊத்துற அன்னைக்கு வந்துச்சு, அதனால கோயிலுக்கே போகல. அப்புறம் இப்பதான் மேடம்."

வருஷத்துக்கு 3 தடவை. முதல் இடைவெளி 6 மாதம், அடுத்தது 5 மாதம். பிள்ளைக்கு 9 வயது. கடந்த ஆறு வருஷமாக இப்படித்தானாம். ஒவ்வொரு முறை அதிகமாகப் போகும்போதும் மருந்துக்கடையில் "நிக்கிற மாத்திரை" வாங்கிப் போட்டிருக்கிறார்.

"வராம இருக்கும்போது யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல மேடம். வராம இருந்தா நிம்மதிதானே? வேலைக்குப் போறேன், அந்தத் தொல்லை இல்லாம இருந்துச்சு."

இந்த பதிலை ஓ.பி.யில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

7)
முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. 36 வயது, நாள் தள்ளிப்போய் அப்புறம் ரத்தப்போக்கு என்றால் அது கருக்கலைப்பாகவோ, குழாயில் தங்கிய கர்ப்பமாகவோ இருக்கலாம். இதைப் பார்க்காமல் எந்த மாத்திரையும் எழுதக் கூடாது. அவருக்கு நெகட்டிவ்.

ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். நின்றால் தலை சுற்றுகிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது. வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்றினோம். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுத்தோம். தைராய்டு நார்மல்.

ஸ்கேனில் படலத்தின் தடிமன் 18 மில்லிமீட்டர். 16 நாள் கழன்று போன பிறகும் 18.

8)
இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். இதைப் படித்துவிட்டு பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, "எனக்கு 13 இருக்கே" என்று சிலர் பயப்படுவீங்க. பயப்படாதீங்க.

மாதாமாதம் வருகிற பெண்ணுக்கு பீரியட்ஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஸ்கேன் எடுத்தால் 12, 14, சமயத்தில் 16 கூட இருக்கும். அது நார்மல். அதே பெண்ணுக்கு பீரியட்ஸ் முடிந்த மறுநாள் எடுத்தால் 3, 4 இருக்கும். அதனால் எந்த நாளில் எடுத்தது என்று தெரியாமல் தடிமனை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆபத்து" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அது மாதவிடாய் முழுமையாக நின்ற பிறகு ரத்தம் பட்ட பெண்களுக்கான கணக்கு. 30 வயதுப் பெண்ணுக்கு அதைப் பொருத்தக் கூடாது. அவருக்கு எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை மாதமாக வரவில்லை?

9)
ஸ்கேனுக்கு ஒரு எல்லை உண்டு. படலம் தடிமனாக இருக்கிறது என்று காட்டும். உள்ளே இருக்கும் செல்கள் எப்படி இருக்கின்றன என்று காட்டாது. அதற்கு பயாப்ஸி வேண்டும்.

பயாப்ஸி என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டார். "கேன்சரா மேடம்?"

"கேன்சர் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான்மா."

எப்படி எடுப்பது என்று சொன்னேன். பைப்பெல் என்று மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஸ்ட்ராவைவிடச் சன்னம். கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, படலத்தில் கொஞ்சம் உறிஞ்சி எடுப்போம். ஓ.பி.யிலேயே சில நிமிஷத்தில் முடியும், மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. பீரியட்ஸ் வலி மாதிரி ஒரு சுருக்கென்ற பிடிப்பு இருக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். முன்கூட்டி வலி மாத்திரை கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

10)
ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு உள்ள எல்லாருக்கும் பயாப்ஸி வேண்டுமா? வேண்டாம். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு எடுக்கிறோம். அதற்குக் கீழே என்றால், இவரைப் போல் வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு வருபவர்கள், பிசிஓஎஸ்ஸோடு உடல் எடையும் அதிகம் இருப்பவர்கள், மருந்து கொடுத்தும் நிற்காதவர்கள். வயது 36 தானே என்று விடக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

11)
பல வருஷம் முன்னால், நான் படிப்பு முடித்து வந்த புதிது. ஒரு ஓ.பி.யில் மணிக்கு முப்பது பேர். 31 வயதுப் பெண், கல்யாணம் ஆகவில்லை. "ரொம்ப போகுது டாக்டர்" என்றார். நிற்க மாத்திரை எழுதினேன். நின்றது. நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார். அதே மாத்திரை. அடுத்தும் வந்தார், அதே மாத்திரை.

மூன்று தடவையில் ஒரு தடவைகூட நான், "இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?" என்று கேட்கவில்லை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார் என்பது என் சீட்டிலேயே தேதியாக இருந்தது. நான் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு டாக்டர் பயாப்ஸி எடுத்தார். எண்டோமெட்ரியப் புற்றுநோய். ஆரம்ப நிலைதான். ஆனாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. உயிரோடு நன்றாக இருக்கிறார். குழந்தை பெறும் வாய்ப்பு போய்விட்டது. அவங்க என்னைத் திட்டவில்லை. "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே டாக்டர்" என்று மட்டும் கேட்டாங்க.

12)
ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் சூடு, வியர்வை எல்லாம் குறைய ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்து வந்தார்கள். 1975-ல் ஒரே மருத்துவ இதழில், ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. மாத்திரை எடுத்தவர்களுக்கு எண்டோமெட்ரியப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இரண்டுமே காட்டின. அதன் பிறகு கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் தந்தால் கூடவே ப்ரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் தரவேண்டும் என்பது விதியானது.

டாக்டர் எழுதித் தந்த மாத்திரையால் அன்று வந்த அதே நிலை, முட்டை வெளியாகாத பெண்ணின் உடம்பில் தானாகவே ஏற்படுகிறது.

13)
ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. "ஹைப்பர்பிளேசியா வித்தவுட் ஏட்டிப்பியா."

தமிழில் சொன்னால், படலம் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது, ஆனால் செல்களின் தோற்றம் மாறவில்லை. இது புற்றுநோய் இல்லை. 20 வருஷத்தில் இது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 100-ல் 5-க்கும் குறைவு. மருந்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"வித் ஏட்டிப்பியா" என்று வந்திருந்தால் கதை வேறு. செல்கள் மாற ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அப்படி ரிப்போர்ட் வந்த பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் (2006), 100-க்கு சுமார் 43 பேருக்கு உள்ளே ஏற்கனவே புற்றுநோய் இருந்தது. பைப்பெல் படலத்தின் ஒரு பகுதியைத்தான் எடுக்கும், மூலையில் இருப்பது தப்பிவிடலாம். அதனால் ஏட்டிப்பியா இருந்து, குழந்தை பெற்று முடித்தவராக இருந்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறோம்.

ரிப்போர்ட்டில் அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் படிங்க. உங்க டாக்டரிடம் "வித்தா, வித்தவுட்டா?" என்று கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

14)
மாமியார் கேட்டார், "ஒரு புள்ள இருக்கு, போதும். எடுத்துட்டா நிம்மதி இல்லையா டாக்டர்?"

நான் வேண்டாம் என்றேன். ஏட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளேசியாவுக்கு முதல் சிகிச்சை கர்ப்பப்பையை எடுப்பது கிடையாது. 6.4 ஹீமோகுளோபினோடு இருந்த ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, தழும்பு எல்லாம் எதற்கு, மருந்திலேயே சரியாகக்கூடிய ஒன்றுக்கு? அவருக்கு இன்னொரு குழந்தை ஆசையும் இருந்தது. மாமியார் முன்னால் சொல்லவில்லை, தனியாகச் சொன்னார்.

பத்து தடவை ரத்தம் போவதை மாத்திரை போட்டு நிறுத்திவிட்டு, பதினோராவது தடவை பயாப்ஸிகூட இல்லாமல் நேராக ஆபரேஷனுக்கு அனுப்புவதைப் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது எல்லாம் விட்டுப்போகிறது. இதைச் சொன்னால் என் சக டாக்டர்கள் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

15)
சிகிச்சையின் தர்க்கம் எளிது. எது இல்லாமல் படலம் வளர்ந்ததோ, அதைக் கொடு. ப்ரொஜெஸ்டிரோன்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன் அல்லது நார்எத்திஸ்டிரோன் மாத்திரை, தினமும், குறைந்தது 6 மாதம். இன்னொன்று, கர்ப்பப்பைக்குள்ளேயே வைக்கும் ஹார்மோன் சாதனம். மக்கள் எல்லாவற்றையும் காப்பர்-டி என்றுதான் சொல்வாங்க. இதில் காப்பர் கிடையாது. லிவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ப்ரொஜெஸ்டிரோன் வகை மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நேரடியாகப் படலத்திலேயே வேலை செய்யும். சாதா காப்பர்-டி ரத்தப்போக்கை அதிகமாக்கலாம், இது குறைக்கும். மாத்திரையைவிட இதில் படலம் சரியாகும் வாய்ப்பு அதிகம், 10-ல் 9 பேருக்கு மேல் சரியாகிறது.

அவர் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தார்.

16)
இரண்டாவது மாதம் போன் வந்தது. "மேடம், தினமும் கொஞ்சம் கொஞ்சமா பட்டுக்கிட்டே இருக்கு. எடுத்துடுங்க."

இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன், ஆனாலும் நடக்கும்போது பயம் வரத்தான் செய்யும். முதல் 3 முதல் 6 மாதம் இப்படித் திட்டுத்திட்டாகப் படுவது வழக்கம். அப்புறம் குறையும். பலர் இந்தக் கட்டத்தில்தான் எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். கூடவே இரும்புச்சத்து மாத்திரை.

6 மாதத்தில் மறுபடி பயாப்ஸி. நார்மல். அடுத்த 6 மாதத்தில் இன்னொன்று. அதுவும் நார்மல். ஹீமோகுளோபின் 11.8. மூச்சு வாங்காமல் மாடி ஏறி வந்தார்.

அந்த இரண்டு பயாப்ஸியும் முக்கியம். ரத்தம் நின்றுவிட்டது என்பதற்காகப் படலம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

17)
"நிக்கிற மாத்திரை" பற்றி ஒரு விஷயம். மருந்துக்கடையில் அந்தப் பெயரில் தருவது பெரும்பாலும் நார்எத்திஸ்டிரோன். அதுவும் ப்ரொஜெஸ்டிரோன் வகைதான். மருந்து தப்பில்லை, பயன்படுத்தும் விதம்தான் தப்பு.

அஞ்சு நாள் போட்டு ரத்தம் நின்றதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய சில நாளில் மறுபடி ரத்தம் வரும். "மாத்திரை வேலை செய்யல" என்று மறுபடி போடுவார்கள். உண்மையில் அந்த ரத்தப்போக்குதான் நாம் எதிர்பார்ப்பது. மருந்தை நிறுத்தியதும் படலம் மொத்தமாகக் கழன்று வரும், இயல்பான மாதத்தில் நடப்பது போலவே. முதல் தடவை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நீட்டினால், அந்தப் பெண் பயந்துபோய் நிறுத்துவதும் போடுவதுமாகவே இருப்பார்.

18)
ரத்தப்போக்கு வருவதற்கு முன்னாலேயே என்ன செய்திருக்கலாம்? இந்த இழையிலேயே நீங்க நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

90 நாள். பீரியட்ஸ் வந்து 90 நாள் ஆகியும் அடுத்தது வரவில்லை, கர்ப்பமும் இல்லை என்றால், டாக்டரைப் பார்க்கணும். தேவைப்பட்டால் மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன் போல ஒன்றை 10 முதல் 14 நாள் தருவார். நிறுத்தி 2 முதல் 7 நாளில் பீரியட்ஸ் வரும், படலம் கழன்றுவிடும். கர்ப்பத்தடை மாத்திரையும் இதே பாதுகாப்பைத் தரும். ஆனால் அதில் ஈஸ்ட்ரோஜனும் இருப்பதால் எல்லாருக்கும் பொருந்தாது. பி.பி., ரத்தக்கட்டு, ஒரு பக்கத் தலைவலி உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆகணும்.

வருஷத்துக்கு மூன்று நாலு தடவை இப்படிப் படலத்தைக் கழற்றிவிட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றும் நிலை வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

19)
"ஹார்மோன் மாத்திரையா? வேண்டாம், உடம்பு கெட்டுடும்" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. நியாயமான பயம்தான். வயிறு உப்புசம், மார்பு வலி, எரிச்சல் வரலாம். ஆனால் அந்த மாத்திரை போடாவிட்டால் உடம்பில் ஹார்மோனே இல்லை என்று ஆகிவிடாது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்க சேர்ப்பது அதைக் கட்டுப்படுத்தும் பாதியை.

உடல் எடை அதிகம் உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியாவது திரும்ப ஆரம்பிக்கும். 82 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. ஆனால் அது மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதுவரை படலம் காத்திருக்காது. "முதல்ல எடையைக் குறைச்சிட்டு வா" என்று வெறும் கையோடு அனுப்புவது சிகிச்சை இல்லை.

20)
எல்லா இடைவெளியும் ஆபத்து இல்லை. இதையும் சொல்லணும்.

தாய்ப்பால் கொடுக்கும்போது வராமல் இருப்பது, ஹார்மோன் சாதனம் வைத்தவர்களுக்கும் கர்ப்பத்தடை ஊசி போட்டவர்களுக்கும் வராமல் இருப்பது, இவற்றில் படலம் வளர்வதே இல்லை. மெலிந்து கிடக்கிறது, அதனால் கழல ஒன்றும் இல்லை. ரொம்ப மெலிந்தவர்கள், கடுமையாக ஓடிப் பயிற்சி செய்பவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜனே குறைவதால் வராமல் போகும். அங்கே கவலை எலும்பைப் பற்றி, படலத்தைப் பற்றி அல்ல. அதற்கு வேறு சிகிச்சை.

21)
வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு முதல் வருஷம் முன்னே பின்னே வருவது இயல்பு. ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகும் 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் காட்டணும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று தள்ளிப்போடாதீங்க. கல்யாணத்தால் முட்டை வெளியாகாது.

45-ஐத் தாண்டிய அம்மாக்களுக்கு: மூணு நாலு மாதம் விட்டு வந்து கொட்டுவதை "இந்த வயசுல இப்படித்தான்" என்று விடாதீங்க. முழுதாக ஒரு வருஷம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வாரமே காட்டுங்க.

22)
எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால். எழுந்தால் கண் இருட்டினால், படபடப்பு, மூச்சு வாங்கல் இருந்தால். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால். இரவு என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிலோ போனிலோ, வந்த முதல் நாளையும் நின்ற நாளையும் குறிங்க. டாக்டரிடம் போகும்போது அதைக் கொண்டுபோங்க. "எத்தனை நாளா போகுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் மாத்திரை எழுத ஆரம்பித்தால், நீங்களே சொல்லுங்க: "டாக்டர், இதுக்கு முன்னாடி நாலு மாசம் வரலை."

அன்று அந்த 31 வயதுப் பெண் இப்படிச் சொல்லியிருந்தால் நான் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு இல்லை, கேட்க வேண்டியது என் பொறுப்பு. ஆனால் ஓ.பி.யில் மணிக்கு முப்பது பேர் இன்றும் இருக்காங்க.

கமெண்டில் ரிப்போர்ட் போட்டோ போடாதீங்க, அதை வைத்து மருந்து சொல்ல முடியாது. நேரில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. சந்தேகம் இருந்தால் கேளுங்க, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.